மூன்று மாத சராசரியைத் தாண்டிய செலவு: எந்தச் சிவப்பை நம்புவது?

கேள்வி: "வங்கிக் கணக்கு விவரத்தை எக்செல் தாளில் ஏற்றி, ஒவ்வொரு பிரிவிலும் இந்த மாதச் செலவை முந்தைய மூன்று மாத சராசரியோடு ஒப்பிடுகிறேன். 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் கட்டம் சிவப்பாகும். மொத்தம் பன்னிரண்டு பிரிவுகள். மாதந்தோறும் நாலைந்து சிவப்பாகிவிடுகின்றன. போய்ப் பார்த்தால் பாதிக்குக் காரணமே தெரிவதில்லை. ஆனால் வருடக் கடைசியில் பார்த்தால், சிவப்பே ஆகாத ஒரு பிரிவில் செலவு ஏகமாகக் கூடியிருக்கிறது. முறையே தவறா, நான் செய்வது தவறா?"

முறை தவறில்லை. நிறுவனங்களின் மாதச் செலவு அறிக்கைகளைச் சரிபார்ப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. அங்கேயும் இதே ஒப்பீட்டைத்தான் முதலில் போடுகிறோம். ஆனால் சிவப்பான கட்டத்தைப் பார்த்ததும் இந்த மாதச் செலவைச் சந்தேகிக்க மாட்டோம். சராசரியைத்தான் முதலில் சந்தேகிப்போம். மூன்றே மூன்று எண்களால் ஆன சராசரி எளிதில் கோணிப்போகும். அது எப்படிக் கோணுகிறது என்று தெரிந்துவிட்டால் உங்கள் இரண்டு சிக்கல்களுக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் சூத்திரத்தைப் பார்த்துவிடுங்கள். இந்த மாதமும் சேர்ந்து மூன்று மாதமாக எண்ணப்படுகிறதா? முந்தைய இரண்டு மாதங்களும் 6,000, இந்த மாதம் 9,000 என்றால் உண்மையான உயர்வு 50 சதவீதம். இந்த மாதத்தையும் சராசரிக்குள் விட்டால் சராசரி 7,000 ஆகி, உயர்வு 29 சதவீதம்போலத் தோன்றும். உயர்ந்த செலவு தன்னை அளக்கும் கோலையே நீட்டிவிடுகிறது. அடுத்தது வெற்றுக் கட்டங்கள். ஒரு பிரிவில் இரண்டு மாதம் செலவே இல்லை, ஒரு மாதம் மட்டும் 900 என்றால் மாத சராசரி 300. ஆனால் செலவில்லாத மாதங்கள் சுழியம் என்று எழுதப்படாமல் காலியாக இருந்தால் AVERAGE அவற்றைக் கணக்கில் எடுக்காது, 900 என்றே சொல்லும். இதனால் உண்மையான உயர்வு மறைந்துபோகும். மூன்றாவது, AVERAGEIFS. பரிவர்த்தனைப் பட்டியலின் மீது நேரடியாக அதைப் போட்டால் கிடைப்பது ஒரு பில்லின் சராசரி. ஒரு மாதத்தின் சராசரி அங்கே கிடைக்காது. உங்களுக்கு நாலைந்து பிரிவுகள் மட்டும் சிவப்பாவதால் இந்தக் கடைசித் தவறு நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். நடந்திருந்தால் மாதத்தில் பல பில்கள் வரும் பிரிவுகள் ஏறக்குறைய எல்லாமே சிவந்திருக்கும். எதற்கும் பாதுகாப்பான வழி, கூட்டுத்தொகையை எடுத்து நீங்களே மூன்றால் வகுப்பது:

```
=SUMIFS(D:D, C:C, H2, B:B, ">="&EDATE($F$1,-3), B:B, "<"&$F$1)/3
```

இதில் B பத்தியில் தேதி, C பத்தியில் பிரிவு, D பத்தியில் தொகை. F1 கட்டத்தில் இந்த மாதத்தின் முதல் தேதி, H2 கட்டத்தில் பிரிவின் பெயர். இந்த மாதம் இதற்குள் வராது. செலவில்லாத மாதம் தானாகவே சுழியமாகச் சேரும். ஒப்பீட்டை மாதம் முடிந்த பிறகு செய்யுங்கள். இருபதாம் தேதி வரைக்குமான செலவை முழு மாத சராசரியோடு வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கமும் பொருள் கிடைக்காது.

சூத்திரம் சரியாக இருந்தும் நாலைந்து சிவக்கின்றன என்றால், அதில் ஒரு பங்கு வெறும் தற்செயல். இதை உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் இது எண்ணிக்கைக் கணக்கு. ஒரு பிரிவில் உங்கள் பழக்கமோ விலையோ எதுவும் மாறவில்லை, செலவு மாதத்துக்கு மாதம் சற்று மேலும் கீழும் ஆடுகிறது, அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நான்கு மாதங்களை எடுத்தாலும் அவற்றில் ஒன்று உச்சமாக இருந்தே தீரும். அந்த உச்சம் கடைசி மாதத்தில், அதாவது நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் மாதத்தில், விழுவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பன்னிரண்டு பிரிவுகளும் இப்படி ஆடுபவை என்றால், எதுவுமே மாறாத ஒரு மாதத்தில்கூட சராசரியாக மூன்று பிரிவுகள் முந்தைய மூன்று மாதங்களில் எதையும்விட அதிகமாக இருக்கும். வாடகை, கடன் தவணை போன்ற ஆடாத பிரிவுகளைக் கழித்தால் இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு மூன்றும் 20 சதவீதத்தைத் தாண்டுமா என்பது அந்தப் பிரிவு எவ்வளவு ஆடும் என்பதைப் பொறுத்தது. மருத்துவமும் உடையும் சுலபமாகத் தாண்டும். மின்சாரம் அவ்வளவு சுலபமாகத் தாண்டாது. ஆகவே பாதிக்குக் காரணம் தெரியவில்லை என்று நீங்கள் எழுதியதில் எனக்கு வியப்பே இல்லை. அவற்றுக்குக் காரணம் இல்லை.

இந்தத் தற்செயல் சிவப்புகளைக் குறைக்க நாங்கள் செய்வது, சதவீதத்தோடு ஒரு தொகை வரம்பையும் சேர்ப்பது. இரண்டும் ஒருசேரத் தாண்டினால்தான் சிவப்பு. மாத சராசரி 200 உள்ள பிரிவு 320 ஆனால் 60 சதவீத உயர்வுதான், ஆனால் 120-ஐத் தேடி யாரும் அரை மணி நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. மறுபுறம் 20,000 உள்ள பிரிவு 23,000 ஆனால் 15 சதவீதம்தான், உங்கள் சூத்திரத்தில் அது சிவக்கவே சிவக்காது. ஆனால் பணத்தைப் பொறுத்தவரை அதுதான் அந்த மாதத்தின் பெரிய செய்தி. அதனால் பெரிய பிரிவுகளுக்கு சதவீத வரம்பைக் குறைத்து 10 என்று வைப்பேன். சிறியவற்றுக்கு 25 அல்லது 30. தொகை வரம்பாக மாத மொத்தச் செலவில் 2 சதவீதம் வைப்பது என் வழக்கம். இந்த எண்களுக்குக் கோட்பாட்டு ஆதாரம் எதுவும் கிடையாது, பழக்கத்தில் சரியாக அமைந்தவை என்பது மட்டுமே. மூன்று மாதம் போட்டுப் பாருங்கள். ஒரு மாதத்தில் நீங்கள் பொறுமையாக உட்கார்ந்து ஆராயக்கூடிய அளவுக்கு, இரண்டோ மூன்றோ சிவப்பு வரும்படி வரம்பை நகர்த்திக்கொள்ளுங்கள்.

இனி, சிவக்காமலேயே கூடும் செலவு. என்னைக் கேட்டால் உங்கள் கேள்வியின் கனமான பகுதி இதுதான். இது இரண்டு வழிகளில் நடக்கும்.

முதல் வழியை ஒரு பிரிவை எடுத்துக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். வாகனம் என்ற பிரிவில் முந்தைய மூன்று மாதங்கள் 4,200, 4,000, 15,800 என்று இருக்கின்றன. மூன்றாவது மாதத்தில் டயர் மாற்றி, பெரிய பழுது ஒன்றையும் பார்த்திருக்கிறீர்கள். கூட்டினால் 24,000, சராசரி 8,000. இந்த மாதம் 6,000. உங்கள் தாள் என்ன சொல்லும்? சராசரியைவிட 25 சதவீதம் குறைவு என்று சொல்லி, பச்சை காட்டும். ஆனால் பழுது இல்லாத சாதாரண மாதத்தில் இந்தப் பிரிவு நாலாயிரத்தை ஒட்டியே இருந்திருக்கிறது. இந்த மாதம் பழுது எதுவும் இல்லாமலே 6,000 ஆகியிருக்கிறது. ஒரேயொரு பெரிய பில் சராசரியைத் தூக்கிவிட்டதால் உண்மையான உயர்வு அதன் அடியில் ஒளிந்துகொண்டது. அந்த 15,800 இன்னும் இரண்டு மாதம் சராசரிக்குள்ளேயே இருக்கும், அதுவரை இந்தப் பிரிவில் எது நடந்தாலும் தாள் வாய் திறக்காது. அது வெளியேறிய மாதத்தில் சராசரி திடீரென்று சரியும், அப்போது சாதாரணச் செலவுகூடச் சிவப்பாகலாம். காரணமே தெரியாத சிவப்புகளில் சில இப்படி வந்தவையாகவும் இருக்கும். நான்கு மாதம் முன்பு அந்தப் பிரிவில் ஏதாவது பெரிய பில் இருந்ததா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மருந்து எளிது. சராசரிக்குப் பக்கத்துப் பத்தியில் இடைநிலை மதிப்பையும் போடுங்கள், அதாவது மூன்று மாதத் தொகைகளையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது. எக்செலில் மூன்று மாதக் கூட்டுத்தொகைகளையும் தனித்தனிக் கட்டங்களில் எடுத்துவைத்து MEDIAN போட்டால் போதும். இங்கே அது 4,200. அதோடு ஒப்பிட்டால் இந்த மாத உயர்வு 43 சதவீதம். சராசரியும் இடைநிலையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எதை வைத்து ஒப்பிட்டாலும் ஒன்றுதான். இரண்டும் வெகுதூரம் விலகியிருந்தால், முந்தைய மூன்று மாதங்களில் ஒன்று அசாதாரணமானது என்று பொருள். அந்தப் பிரிவில் இடைநிலையை நம்புங்கள். இதற்கும் எல்லை உண்டு. மூன்றில் இரண்டு மாதங்கள் அசாதாரணமாக இருந்தால் இடைநிலையும் ஏமாற்றும். இரண்டு மாதம் செலவே இல்லாத பிரிவில் அது சுழியமாகிவிடும், சுழியத்தை வைத்துச் சதவீதம் போட முடியாது. எப்போதாவது மட்டும் வரும் செலவுகளை, அதாவது காப்பீடு, ஆண்டுச் சந்தா, பழுது போன்றவற்றை, இந்த ஒப்பீட்டிலிருந்தே வெளியே எடுத்து, ஆண்டு மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்துத் தனியாக வைப்பதே நல்லது. மூன்று மாத ஜன்னலுக்குள் ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு ஒருபோதும் சரியாகப் பொருந்தாது.

அந்த 6,000-ஐ இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் உயர்வைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. எத்தனை முறை செலவாயிற்று, ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஆயிற்று என்று இரண்டாக உடைக்க வேண்டும். வழக்கமான 4,200 என்பது எரிபொருளுக்காக மாதம் 6 முறை, ஒவ்வொரு முறையும் 700. இந்த மாதம் 8 முறை, சராசரியாக 750. கூடிய தொகை 1,800. அதில் இரண்டு முறை கூடுதலாக நிரப்பியதற்கு, பழைய 700 வீதம், 1,400. மீதி 400 என்பது எட்டு முறையும் தலா 50 கூடியதால் வந்தது. ஆக, இந்த உயர்வில் முக்கால் பங்குக்கு மேல் அதிகமாக ஓட்டியதால் வந்திருக்கிறது. நீங்கள் விலை ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கலாம். எண்ணிக்கை கூடினால் உங்கள் நடமாட்டத்தில் ஏதோ மாறியிருக்கிறது, அதற்கு உங்களுக்கே விடை தெரிந்திருக்கும். தலா தொகை கூடியிருந்தால் அங்கேதான் கவனம் வேண்டும். விலை ஏறியதாலும் இருக்கலாம், ஒவ்வொரு முறையும் அதிகம் நிரப்பியதாலும் இருக்கலாம். வங்கி விவரத்தில் தொகை மட்டுமே இருக்கும், அளவு இருக்காது. அதற்குப் பில்லைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணிக்கைக்கு, மேலே சொன்ன சூத்திரத்தில் SUMIFS இருக்கும் இடத்தில் COUNTIFS போட்டு, முதலில் வரும் D:D-ஐ அதன் காற்புள்ளியோடு நீக்கிவிடுங்கள். அது முந்தைய மூன்று மாதங்களின் சராசரி எண்ணிக்கையைத் தரும். இந்த மாத எண்ணிக்கைக்கு, EDATE($F$1,-3) இருக்கும் இடத்தில் $F$1, கடைசி $F$1 இருக்கும் இடத்தில் EDATE($F$1,1) என்று மாற்றி, /3-ஐயும் நீக்குங்கள்.

எண்ணிக்கைப் பத்தி இன்னொரு உதவியும் செய்யும். மாதக் கடைசியில் கட்ட வேண்டிய பில் ஒன்றை இரண்டு நாள் தாமதமாக, அடுத்த மாதம் ஒன்றாம் தேதி கட்டியிருப்பீர்கள். ஒரு மாதம் சுழியம், மறு மாதம் இரட்டிப்பு. தாள் 100 சதவீதத்தையும் தாண்டி உயர்வு காட்டும். எண்ணிக்கை 0, 2 என்று இருப்பதைப் பார்த்த நொடியே விஷயம் புரிந்துவிடும். மாதத்தின் நீளமும் இப்படித்தான். 28 நாள் மாதத்தை அடுத்து 31 நாள் மாதம் வந்தால், தினசரி செய்யும் செலவு எந்த மாற்றமும் இல்லாமலே 10 சதவீதத்துக்கு மேல் கூடும். மூன்று மாத சராசரியில் இந்த விளைவு மங்கிவிடும் என்பதால் இதற்காகத் தனித் திருத்தம் எதுவும் நான் செய்வதில்லை. சிவப்பு வரம்பை ஒட்டி இருக்கும்போது மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

சிவக்காமல் கூடும் செலவின் இரண்டாவது வழி இன்னும் நயவஞ்சகமானது. ஆண்டின் கடைசியில் நீங்கள் கண்டது பெரும்பாலும் இதுதான் என்று சந்தேகிக்கிறேன், உங்கள் எண்களைப் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். ஒரு பிரிவு மாதம் 5 சதவீதம் வீதம் கூடிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000, பிறகு 10,500, பிறகு 11,025. நான்காம் மாதம் 11,576. முந்தைய மூன்றின் சராசரி 10,508. உயர்வு சுமார் 10 சதவீதம். அடுத்த மாதமும் 10 சதவீதம். அதற்கடுத்த மாதமும் அதே 10. செலவு ஏற ஏற, சராசரியும் அதன் பின்னாலேயே ஏறி வருகிறது. இடைவெளி ஒருபோதும் விரியாது, உங்கள் 20 சதவீத வரம்பைத் தொடாது. ஆனால் பன்னிரண்டு மாதம் கழித்து அந்த 10,000 என்பது 17,959 ஆகியிருக்கும். ஏறக்குறைய 80 சதவீத உயர்வு, ஒரு சிவப்புகூட இல்லாமல். இடைநிலை மதிப்பும் இங்கே உதவாது, அதுவும் கூடவே ஏறும்.

இதைப் பிடிக்க இரண்டு வழிகள் எனக்குத் தெரியும். ஒன்று, நகராத ஓர் அடிப்படை. ஆண்டின் முதல் மூன்று மாத சராசரியைச் சூத்திரமாக வைக்காமல் எண்ணாகவே ஒரு பத்தியில் எழுதிவைத்துவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் நகரும் சராசரியோடு ஒருமுறை, இந்த நிலையான எண்ணோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். நகரும் சராசரி திடீர் உயர்வைக் காட்டும், நிலையான எண் மெல்ல ஏறுவதைக் காட்டும். சென்ற ஆண்டின் விவரம் கையில் இருந்தால், நிலையான எண்ணுக்குப் பதிலாகச் சென்ற ஆண்டின் இதே மாதங்களை வைப்பது இன்னும் நல்லது. கோடையில் கூடும் மின்சாரமும் கல்வியாண்டுத் தொடக்கத்தில் கூடும் கட்டணங்களும் அப்போது வீண் சிவப்பைத் தராது. மூன்று மாத சராசரிக்குப் பருவம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது, அது அதன் நிரந்தரக் குறை. இரண்டாவது வழி, தொடர்ச்சியை எண்ணுவது. எவ்வளவு கூடியது என்பதை விட்டுவிட்டு, இந்தப் பிரிவு தொடர்ந்து எத்தனை மாதங்களாகத் தன் சராசரிக்கு மேலே இருக்கிறது என்று மட்டும் எழுதிவாருங்கள். நான்கு மாதம் தொடர்ந்தால் எடுத்துப் பார்ப்பேன், ஆறு மாதம் தொடர்ந்தால் ஏதோ நடக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்வேன். பொதுவான விலைவாசி உயர்வும் இப்படித் தொடர்ச்சியாகத்தான் தெரியும் என்பதால், எண்ணிக்கையையும் தலா தொகையையும் பிரித்துப் பார்க்கும் அந்த வேலையை இங்கேயும் செய்தாக வேண்டும்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்ன அத்தனையும் வீணாகும். ஒரு பிரிவு கூடியதும் முதலில் மொத்தச் செலவைப் பாருங்கள். மொத்தம் கூடவில்லை, வேறொரு பிரிவு ஏறக்குறைய அதே தொகைக்குக் குறைந்திருக்கிறது என்றால், பணம் கூடுதலாகப் போகவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. போன மாதம் வரை வீட்டுப் பொருள் என்று குறித்துவந்த கடையை இந்த மாதம் மளிகை என்று குறித்திருப்பீர்கள். பொருளைத் திருப்பிக் கொடுத்ததற்கு வந்த பணத்தை வருமானம் என்று போட்டிருந்தாலும் அந்தப் பிரிவு செயற்கையாகக் கூடும். அந்தத் தொகையைச் செலவான அதே பிரிவிலேயே எதிர்மறையாகப் போடுங்கள். கடன் அட்டை வைத்திருந்தால் வாங்கிய தேதியைப் பயன்படுத்துங்கள், அட்டை பில்லைக் கட்டிய தேதியை வேண்டாம். அட்டை பில்லுக்குக் கட்டிய பணத்தையும் தனிச் செலவாகக் கணக்கிட்டால் ஒரே பணம் இரண்டு முறை ஏறும்.

உங்கள் தாளில் இப்போதைக்கு நான்கு பத்திகளைச் சேர்த்தால் போதும்: இடைநிலை மதிப்பு, பரிவர்த்தனை எண்ணிக்கை, ஆண்டுத் தொடக்கத்தின் நிலையான சராசரி, சராசரிக்கு மேலே தொடர்ந்து இருந்த மாதங்கள். ஆண்டுக் கடைசியில் உங்களைத் திடுக்கிட வைத்த அந்தப் பிரிவை மட்டும் முதலில் எடுத்து, பன்னிரண்டு மாதத் தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். படிப்படியாக ஏறியிருந்தால் நான் சந்தேகித்ததே சரி. நடுவில் ஒரு மாதம் மட்டும் துருத்திக்கொண்டு, அதற்குப் பிறகு மட்டம் உயர்ந்திருந்தால், வாகனப் பிரிவில் நடந்ததைப் போல ஒரு பெரிய பில் உங்கள் கண்ணை மறைத்திருக்கிறது. பன்னிரண்டு எண்களையும் பெயர் எதுவும் இல்லாமல் இங்கே எழுதினால் எது என்று பார்த்துச் சொல்கிறேன்.